ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் அனுப்பியபோது

நூல்கண்டு (திருப்பூர்):
பின்னலாடை நிறுவனமொன்றில் கணக்கு எழுதுகிறேன். சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நூல் மில்லுக்கு 4,72,000 ரூபாயை நெஃப்ட்டில் அனுப்பினேன். மாலை நான்கு மணிக்கு லெட்ஜரைத் திறந்தால், நாம் பணம் தர வேண்டிய மில், நமக்குப் பணம் தர வேண்டியதாக நிற்கிறது. செவ்வாய்க்கிழமையே அந்தப் பில்லுக்குப் பணம் போயிருந்தது. முதலில் “118” என்றும் பிறகு “0118” என்றும் ஏற்றியிருந்தேன். கணினிக்கு அவை இரண்டு பில்கள்.

மறுநாள் தையல் பிரிவுக்குச் சம்பளம். மில் கணக்கரிடம் பேசிவிட்டு, பத்து நிமிடத்தில் மேனேஜருக்கு எழுதினேன்:

“சார், மில்லின் 118ஆம் பில்லுக்கு இருமுறை பணம் அனுப்பிவிட்டேன், தவறு என்னுடையது. வங்கியில் 3,10,000 இருக்கிறது. நாளைச் சம்பளத்துக்கு 5,60,000 வேண்டும். மில் திங்களன்று திருப்பித் தருவதாகச் சொல்கிறது, எழுத்தில் கேட்டிருக்கிறேன். வங்கி ஓ.டி.யில் 2,50,000 கடன் எடுக்க அனுமதி வேண்டும். இனி லெட்ஜர் நிலுவையைப் பார்த்த பிறகே பணம் அனுப்புவேன்.”

“எடுத்துக்கொள்ளம்மா. மில்லின் கடிதம் வந்ததும் காட்டு” என்று பதில் வந்தது. திட்டு திங்களன்று கிடைத்தது.

கோவைக்காரன்:
அவசரப்பட்டுவிட்டீர்கள். நெஃப்ட் மறுநாள்தானே போய்ச் சேரும்? வங்கியில் சொல்லி நிறுத்திவிட்டு, பிறகு நிதானமாகச் சொல்லியிருக்கலாம்.

பழைய பேரேடு:
அது அந்தக் காலம், தம்பி. 2019 டிசம்பரிலிருந்து இரவு பகல் எந்நேரமும், அரைமணிக்கு ஒரு தொகுதியாக நெஃப்ட் போகிறது. பணம் மில்லின் கணக்கில் ஏறிவிட்டால், மில் சம்மதிக்காமல் வங்கி திரும்ப எடுக்காது.

இருபது வருடம் மேனேஜராக இருந்தவன் சொல்கிறேன்: அந்தக் கடிதத்தில் என் கண் முதலில் ஓ.டி. வரியில்தான் நிற்கும். நான் முடிவெடுக்க வேண்டியது அது ஒன்றுதான். சனிக்கிழமை மதியம் வந்து சொல்லியிருந்தால், அது இரண்டாம் சனியாக இருந்திருந்தால், கிளையில் யாரிடம் போய்க் கேட்பது? கடைசி வரிதான் எனக்குப் போதவில்லை. “பார்த்த பிறகே அனுப்புவேன்” என்பது வாக்குறுதி. வேலை மும்முரத்தில் மறந்துவிடும். பில்லை ஏற்றுகிற கையே பணத்தையும் அனுப்புவதுதான் கோளாறு. நெட் பேங்கிங்கில் இன்னொருவர் ஒப்புதல் தந்தால்தான் பணம் போகும்படி மாற்றச் சொல்லுங்கள்.

மல்லிகா ஈரோடு:
எங்கள் மேனேஜர் தம் தவறை எங்கள் தலையில் கட்டுகிறார். அவருக்கு எப்படி எழுதுவது?

பழைய பேரேடு:
அது வேறு வழக்கு, அம்மா.

கோவைக்காரன்:
நெஃப்ட் விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நஷ்டம் எவ்வளவு என்று தமக்கே தெரியாதபோது என்ன எழுதுவது? என் வழக்கில் ஜிஎஸ்டி எண்ணைத் தவறாகப் போட்டேன். எத்தனை பில்லில் என்று எண்ணவே இரண்டு நாள் ஆயிற்று. அதற்குள் வாங்கியவர் போன் செய்துவிட்டார்.

நூல்கண்டு:
எனக்கும் தெரியவில்லை. ஒரு செய்தி: மில் திங்களன்று அனுப்பவில்லை. அடுத்த நூல் பில்லில் கழித்துக்கொள்வதாக மாற்றிச் சொன்னது. அதையும் அன்றே போய்ச் சொன்னேன்.