பயணப் பதிவுக்குப் பிழை திருத்திய அனுபவம்

நீலப்பென்சில்: தோழி தன் பயணப் பதிவை வெளியிடும் முன் பார்த்துத் தரச் சொன்னாள். ஒரு பத்தியை மட்டும் இங்கே போடுகிறேன், அவள் அனுமதியோடு:

"நாங்கள் விடியும் முன்பே ஏறிக்கரைக்குப் போனோம். நாங்கள் போனபோது படகோட்டியும் வழிகாட்டியும் நிற்கிறார்கள். அவர் அவரிடம் ஏதோ சொன்னதும் சிரிக்கிறார். நாங்கள் மழை உச்சிக்குக் கிளம்பினோம்."

ஏறி, மழை இரண்டுமே சரியான சொற்கள். அதனால் எழுத்துப்பிழைக் கருவி ஒன்றையும் காட்டவில்லை. 'போனோம்', 'கிளம்பினோம்' என்ற வினைகளே யாரென்று சொல்லிவிடுவதால் மூன்று 'நாங்க'ளையும் எடுத்துவிட்டேன். மாட்டிக்கொண்டது அந்த 'அவர் அவரிடம்'தான். சிரித்தது யார்? ஊகித்து எழுத மனம் வரவில்லை, அவளையே கேட்டேன். படகோட்டியாம். கடைசியில் இப்படி வந்தது:

"விடியும் முன்பே ஏரிக்கரைக்குப் போனோம். படகோட்டியும் வழிகாட்டியும் நின்றுகொண்டிருந்தார்கள். வழிகாட்டி ஏதோ சொன்னதும் படகோட்டி சிரித்தார். அங்கிருந்து மலை உச்சிக்குக் கிளம்பினோம்."

சாலையோரம்: இவ்வளவு யோசிக்க வேண்டுமா? பயணம் முடிந்துபோன விஷயம். எல்லா வினையையும் இறந்தகாலத்துக்கு மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. நான் அப்படித்தான் செய்கிறேன்.

பழைய அச்சு: நடந்ததற்குச் சரி. ஆனால் "ஏரி மலையடிவாரத்தில் இருந்தது" என்று எழுதினால் இப்போது வற்றிவிட்டதோ என்று தோன்றும். ஏரி, பாதை, நுழைவு நேரம் போல இன்றும் மாறாதவை நிகழ்காலத்திலேயே இருக்கட்டும். நான் பத்தியின் வினைமுற்றுகளை மட்டும் வரிசையாக வாசித்துப் பார்ப்பேன். காலம் தாவும் இடம் உடனே தட்டுப்படும். அதேபோல ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் சொல்லையும் தனியாகப் பார்த்தால் 'அப்புறம்', 'பிறகு' எத்தனை முறை வருகிறது என்பது தெரிந்துவிடும்.

தூரதேசி: விடிகாலையில் படகு கிடைக்குமா? முன்பதிவு உண்டா?

நீலப்பென்சில்: அது வேறு கதை, அவள் பதிவு வந்ததும் படியுங்கள் :)

குறிப்பேடு: என்னிடம் வந்த பதிவில் ஒரே ஊரின் பெயர் மூன்று விதமாக இருந்தது. நல்லவேளை, பதிவிலேயே பெயர்ப்பலகைப் படம் இருந்தது. அதைப் பெரிதாக்கிப் பார்த்து ஒன்றாக்கினேன். இன்னொன்று, 'மழை' என்பதை மொத்தமாக 'மலை' என்று மாற்றாதீர்கள். "மலை பெய்தது" என்று வந்து நிற்கும். ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும்.

சாலையோரம்: சரி, ஏரி விஷயத்தை ஏற்கிறேன். ஆனால் "திடீரென்று ஒரு யானை குறுக்கே வருகிறது" என்று எழுதியிருந்தால்? அதுவும் பிழையா?

பழைய அச்சு: அந்தக் காட்சி முழுக்க நிகழ்காலத்தில் இருந்தால் விட்டுவிடுவேன். ஒரே ஒரு வினை மட்டும் என்றால் திருத்துவேன்.

நீலப்பென்சில்: நான் அந்த ஒற்றை வினையையும் தொடமாட்டேன். யானை வந்த வேகம் அதில்தானே இருக்கிறது?