மடல் இழை: தையல் பயிற்சி மையம், நிதி விண்ணப்பத்தின் முதல் பத்தி

ஷார்ஜா, மேலத்தெரு:

எல்லாருக்கும் வணக்கம். நம்ம ஊர் மகளிர் அறக்கட்டளையிலிருந்து டீச்சரக்கா ஒரு கம்பெனிக்கு நிதி கேட்டு எழுதப் போகிறார், தையல் பயிற்சி மையம் தொடங்க. முதல் பத்தியை மட்டும் நோட்டில் எழுதி போட்டோ எடுத்து அனுப்பி, "தம்பி, இது சரியா இருக்கான்னு பாரு" என்றார். எனக்கு நல்லாத்தான் தெரிகிறது, ஆனால் நான் சைட்டில் இரும்பு எண்ணுகிற ஆள், விண்ணப்பம் பற்றி எனக்கு என்ன தெரியும். அப்படியே தட்டச்சு செய்து போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பணுமாம்.

"பெண்கள் நாட்டின் கண்கள். பெண் முன்னேறினால் குடும்பம் முன்னேறும், குடும்பம் முன்னேறினால் நாடு முன்னேறும். எங்கள் கிராமம் மிகவும் பின்தங்கிய கிராமம். இங்குள்ள ஏழை எளிய பெண்கள் வேலைவாய்ப்பின்றித் துன்பப்படுகின்றனர். அவர்கள் வாழ்வில் ஒளியேற்றத் தையல் பயிற்சி மையம் அமைக்கத் தங்கள் மேலான நிறுவனம் தாராளமாக நிதியுதவி செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்."

நியூ ஜெர்சி, கீழவீடு:

நல்ல காரியம். தலைக்கு எவ்வளவு என்று சொல்லுங்கள், போட்டுவிடுகிறேன். எங்கள் வீட்டுப் பரணில் அம்மாவின் பழைய மெஷின் இருக்கிறது, சித்தப்பாவிடம் சாவி வாங்கி எடுத்துக்கொள்ளலாம், பெல்ட் மட்டும் மாற்றணும். இங்கே என் மனைவி ஒரு லைனிங் ப்ளவுஸுக்கு 40 டாலர் வாங்குகிறாள், அதற்கே நவராத்திரிக்கு முன்னால் வரிசை நிற்கும். தொழில் கையில் இருந்தால் எங்கேயும் பிழைக்கலாம்.

மெல்பர்ன், பிள்ளையார் கோயில் தெரு:

அண்ணே, நம்மிடம் வசூல் கேட்கவில்லை, பத்தி சரியா என்றுதான் கேட்டிருக்கிறார்கள். மெஷினுக்கு நன்றி, அதைப் பற்றி அப்புறம் பேசலாம்.

நான் இங்கே வருவதற்கு முன்னால் பெங்களூரில் ஒரு கம்பெனியின் சமூகப் பணிகளுக்கு நிதி கொடுக்கும் சி.எஸ்.ஆர். பிரிவில் நாலு வருஷம் இந்த மாதிரி விண்ணப்பங்களைப் படித்துத் தள்ளியவள். தள்ளியவள் என்றால் நிஜமாகவே தள்ளியவள்தான், ஒரு நாளைக்கு முப்பது வரும். முதல் பத்தியைப் படித்துவிட்டுத்தான் இரண்டாவது பக்கத்தைத் திருப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்வோம். அதில் பாதி "பெண்கள் நாட்டின் கண்கள்" என்றுதான் ஆரம்பிக்கும். அக்கா கோபித்துக்கொள்ள வேண்டாம், இந்தப் பத்தியில் ஊர்ப் பெயரை மாற்றினால் எந்த ஊருக்கும் பொருந்தும். தையல் என்பதை எடுத்துவிட்டு ஆடு வளர்ப்பு என்று போட்டாலும் பொருந்தும். எத்தனை பெண்கள், எவ்வளவு பணம், எத்தனை மாதம், முடிவில் அவர்கள் கையில் என்ன இருக்கும், இதில் ஒன்றுகூட இல்லை. "தாராளமாக" என்று எழுதினால் படிக்கிறவருக்குத் தொகை தெரியாது, தெரியாத தொகைக்கு யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

இன்னொன்று. படிக்கிறவர் மனதில் உடனே ஒரு கேள்வி வரும்: மாவட்டத்துக்கு ஒன்று என்று வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்பு பயிற்சி நிறுவனம் புதுக்கோட்டையிலும் இருக்கிறதே, அங்கே பெண்களுக்குச் சுமார் ஒரு மாதத் தையல் பயிற்சி இலவசமாகத் தருகிறார்களே, பிறகு உங்களுக்கு எதற்குத் தனி மையம்? இதற்குப் பதில் முதல் பத்தியிலேயே தெரிய வேண்டும். அதனால் அக்காவிடம் மூன்று கேள்வி கேட்டுச் சொல்லுங்கள். இதுவரை எத்தனை பேருக்குத் தையல் சொல்லிக்கொடுத்தீர்கள்? அதில் எத்தனை பேர் இன்றைக்குத் தைத்துக் காசு பார்க்கிறார்கள்? மற்றவர்கள் ஏன் விட்டார்கள்?

சிங்கப்பூர், வடக்குத்தெரு:

இந்த மூன்றாவது கேள்வியை எழுதவே கூடாதும்மா. பணம் கேட்கிற இடத்தில் போய் இத்தனை பேர் விட்டுவிட்டார்கள் என்று சொல்வார்களா? பெண் பார்க்க வந்தவர்களிடம் பழைய கடனைச் சொல்கிற கதையா இருக்கு.

அப்புறம், கம்பெனிக்கு எதற்கு அலையணும்? நம் சங்கம் இங்கே பதிவு பெற்ற சங்கம், ஆளுக்குக் கொஞ்சம் போட்டு மொத்தமாக அறக்கட்டளைக் கணக்குக்கு அனுப்பிவிடலாம். வெளிநாட்டில் இருக்கிற இந்தியர் பணம் வெளிநாட்டுப் பணம் ஆகாது, நான் விசாரித்துவிட்டேன்.

மெல்பர்ன், பிள்ளையார் கோயில் தெரு:

மாமா, விசாரித்தது பாதி சரி. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. ஷார்ஜா தம்பி அனுப்பலாம். ஆனால் நீங்கள் சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியாச்சு, நான் ஆஸ்திரேலியக் குடியுரிமை. நம் பணம் வெளிநாட்டுப் பணம்தான். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் அதே கதைதான். அங்கே பதிவான சங்கம் மொத்தமாக அனுப்பினால் சந்தேகமே இல்லை. அதை வாங்க அறக்கட்டளைக்கு வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்.சி.ஆர்.ஏ.வின் கீழ் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். கிடைத்தாலும் பணம் முதலில் டெல்லியில் ஸ்டேட் பேங்கின் பிரதானக் கிளையில் இதற்கென்றே திறந்த கணக்கில்தான் விழ வேண்டும், 2020 திருத்தத்திலிருந்து அப்படித்தான். பதிவுக்கு மூன்று வருஷத்தில் 15 லட்சம் செலவு செய்த கணக்கு வேறு கேட்பார்கள். அக்கா அந்த அளவுக்கு இன்னும் வரவில்லை. அதனால் இந்தியக் கம்பெனிதான் இப்போதைக்கு வழி. அதற்கும் சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு எண் வாங்கியிருக்க வேண்டும், அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பத்தி எவ்வளவு அழகாக இருந்தும் பிரயோஜனமில்லை.

விட்டுப்போனவர்களைப் பற்றி எழுதலாமா என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, எழுதணும். முதலில் அக்கா பதில் வரட்டும்.

ஷார்ஜா, மேலத்தெரு:

நேற்று ஒரு மணி நேரம் பேசினேன். பதிவு எண் போன மாதமே வந்துவிட்டதாம்.

இரண்டு வருஷத்தில் மூன்று இரவல் மெஷின்களை வைத்து 22 பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். இன்று 7 பேர் அறந்தாங்கிக் கடைகளுக்கு நைட்டியும் உள்பாவாடையும் தைத்துக் கொடுக்கிறார்கள். மிச்சம் 15 பேரில் நாலு பேர் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டார்கள், மூன்று பேர் மில் வேனில் ஏறிவிட்டார்கள். எட்டுப் பேர் சும்மா இருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால், "ஓவர்லாக் இல்லப்பா" என்கிறார். நைட்டி தைத்தால் உள்பக்கம் துணி ஓரம் பிசிறும், ஓவர்லாக் அடித்தால்தான் கடைக்காரன் வாங்குவான். ஊரில் அந்த மெஷின் இல்லை. அந்த ஏழு பேரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அறந்தாங்கி போய், அங்கே ஒருவரிடம் பீஸுக்கு இவ்வளவு என்று கொடுத்து ஓரம் அடித்து, அப்புறம்தான் கடைக்குப் போகிறார்கள். டவுன் பஸ் பெண்களுக்கு இலவசம்தான், ஆனால் அரை நாள் போய்விடுகிறது. கைக்குழந்தைக்காரிகளால் முடியவில்லை. புதுக்கோட்டைப் பயிற்சிக்கும் அதே காரணம்தான், ஒரு மாதம் தினமும் யார் பிள்ளையைப் பார்ப்பது என்கிறார்.

டாக்கா, தெற்குத்தெரு:

நான் திருப்பூரில் பதினோரு வருஷம், இங்கே ஆறு வருஷம், கார்மென்ட்ஸ்தான். டீச்சரக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. ஆனால் அப்படியென்றால் வேண்டியது பயிற்சி மையமா, ஒரு ஓவர்லாக் மெஷினா? நைட்டிக்கு மூன்று நூல் ஓவர்லாக் போதும். அதை மட்டும் வாங்கிப் போட்டால் அந்த எட்டுப் பேரில் பாதி நாளைக்கே தைக்க உட்காருவார்கள்.

மையம்தான் என்றால் மிதி மெஷினில் சொல்லிக்கொடுக்காதீர்கள். மிதியில் பழகின கால் பவர் மெஷினில் உட்கார்ந்தால் பெடலை அழுத்து அழுத்தென்று அழுத்தும், துணி ஓடிப் போகும், விரலில் ஊசி ஏறும். நாங்கள் புது ஆளுக்கு முதல் சில நாள் நூலே கோக்க மாட்டோம், காகிதத்தில் கோடு போட்டு அதன்மேல் வெறும் ஊசியை ஓட்டச் சொல்வோம். கோடு விலகாமல் ஓட்டினால்தான் துணி. மோட்டார் வாங்கும்போது செர்வோ கேளுங்கள், பழைய கிளட்ச் மோட்டார் தைக்காத நேரத்திலும் ஓடிக்கொண்டே இருக்கும், கரண்ட் பில் அக்கா தலையில்தான் விழும்.

கீழவீட்டு அண்ணன் மெஷினை காஜா, பட்டன், ஹெம்மிங் சொல்லித்தரும் மூலையில் வைக்கலாம், அதற்கு மேல் இந்த வேலைக்கு ஆகாது.

மெல்பர்ன், பிள்ளையார் கோயில் தெரு:

தெற்குத்தெருவாருக்கு நன்றி, இதற்குத்தான் காத்திருந்தேன். அக்காவோடு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மெஷின் கடையில் கேட்ட விலைப்படி ஆறு பவர் மெஷின் 1,56,000, ஓவர்லாக் 34,000. ஒயரிங் 20,000, வெட்டும் மேசையும் இஸ்திரிப் பெட்டியும் 20,000. பயிற்சியாளருக்கு மாதம் 12,000 வீதம் ஒன்பது மாதம் 1,08,000. துணி, நூல், ஊசிக்கு ஆளுக்கு 2,000 வீதம் 36 பேருக்கு 72,000. ஆறு மெஷினில் காலையில் ஆறு பேர், மதியம் ஆறு பேர். மூன்று மாதத்துக்கு ஒரு அணி. இனி பத்தி:

"கடந்த இரண்டு ஆண்டுகளில் மூன்று இரவல் மெஷின்களில் எங்கள் ஊர்ப் பெண்கள் 22 பேருக்குத் தையல் கற்றுக்கொடுத்தோம். இன்று 7 பேர் அறந்தாங்கிக் கடைகளுக்கு நைட்டியும் உள்பாவாடையும் தைத்துச் சம்பாதிக்கிறார்கள். 8 பேர் கற்றும் தைக்காமல் இருக்கிறார்கள், காரணம் ஊரில் ஓவர்லாக் மெஷின் இல்லை. ஓரம் அடிக்காத துணியைக் கடைகள் வாங்குவதில்லை, அதற்காக அரை நாள் பயணம் செய்யக் கைக்குழந்தை உள்ளவர்களால் முடியவில்லை. ஆறு பவர் மெஷின், ஒரு ஓவர்லாக் கொண்ட மையம் ஊரிலேயே அமைத்து, ஒன்பது மாதத்தில் 36 பெண்களுக்குப் பயிற்சி தர ரூ. 4,10,000 கேட்கிறோம். இடம் ஊர்ப் பொதுக் கட்டடம், வாடகை இல்லை. மின்கட்டணம் எங்கள் பொறுப்பு. ஏற்கெனவே கற்ற 8 பேரும் முதல் நாளிலிருந்தே ஓவர்லாக்கைப் பயன்படுத்துவார்கள். பயிற்சி முடிந்த ஆறாம் மாதத்தில் எத்தனை பேர் தைத்துச் சம்பாதிக்கிறார்கள் என்று எண்ணித் தெரிவிப்போம்."

மாமா, விட்டுப்போன கணக்கை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். மெஷின் எதற்கு என்றே புரியாது.

சிங்கப்பூர், வடக்குத்தெரு:

படித்தேன். சரி, புரிகிறது. ஆனாலும் 22-க்கு 7 என்று பார்க்கிறபோது எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்த வரியை இரண்டாவது பக்கத்துக்குத் தள்ளலாம் என்பதுதான் என் கட்சி.

டாக்கா, தெற்குத்தெரு:

கணக்கில் மெக்கானிக் இல்லையே? ஓவர்லாக்கில் நூலைப் பின்னுகிற லூப்பர் கொக்கி இடித்துக்கொண்டால் அறந்தாங்கியிலிருந்து ஆள் வரணும், அதுவரை எல்லார் வேலையும் நிற்கும். ஒரே ஒரு ஓவர்லாக்கை நம்பி 36 பேர், யோசியுங்கள். பவர் மெஷினை நாலாக்கி ஓவர்லாக்கை இரண்டாக்கினால் என்ன?

ஷார்ஜா, மேலத்தெரு:

அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். "பெண்கள் நாட்டின் கண்கள்" போனதில் கொஞ்சம் வருத்தம், எங்கள் ஹெட்மாஸ்டர் எந்தக் கூட்டத்தையும் அப்படித்தான் தொடங்குவார் என்றார். நாலு மெஷின் என்றால் ஒரு வேளைக்கு நாலு பேர்தான் உட்கார முடியும், 36 பேர் வராது, மறுபடி கணக்குப் போடணும் என்கிறார். மெக்கானிக் செலவை எதில் சேர்ப்பது என்று மெல்பர்ன் அக்காதான் சொல்லணும்.

இன்னொரு விஷயம். போனை வைத்தபிறகு அக்கா திரும்பக் கூப்பிட்டு, ஏழு பேர் என்று எழுதியதை நிறுத்தி வை என்றார். அதில் ஒருத்தி தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும்தான் தைக்கிறாளாம், மற்ற மாதம் நூறு நாள் வேலைக்குப் போகிறாள். அவளைச் சேர்த்தால் ஏழு, சேர்க்காவிட்டால் ஆறு. எதைப் போடுவது?