புதுப்பிப்பு: ரோபோ கை கையேட்டில் ‘பேலோட்’ தமிழில் எப்படி நின்றது

நான் இங்கே கேட்டிருந்தது: “ஆக்சிஸ், பேலோட், டீச் பென்டன்ட், இதெல்லாம் ஹட்டனில் தேயிலைப் பெட்டி அடுக்கும் நம்ம ஆட்களுக்குப் புரிகிற மாதிரி எப்படி எழுதுவது?”

எல்லோருக்கும் நன்றி. பண்டாரவளை அண்ணன் சொன்னதுதான் சரிவந்தது: பேலோட் என்பது ரோபோ கை தூக்கக்கூடிய மொத்த எடை, அதில் பெட்டியைப் பிடிக்கும் கிரிப்பரின் எடையும் அடங்கும். நான் ‘சுமை 10 கிலோ’ என்று எழுதியதைப் படித்துவிட்டு ஒரு தம்பி 10 கிலோ பெட்டியையே வைக்கப் போனார், எங்கள் கிரிப்பரே 3 கிலோ, மிச்சம் 7தான், பெட்டி ரோபோவின் மணிக்கட்டை விட்டுத் தள்ளி நின்றால் அதுவும் குறையும். இப்போது ‘கிரிப்பரோடு சேர்த்துத் தூக்கும் எடை’ என்று நீளமாகவே போட்டுவிட்டேன்.

ஆக்சிஸுக்கு ‘அச்சு’ போதும் என்று டீச்சர் சொன்னது பாதி சரி. தனியாக எழுதினால் லேபல் அச்சடிப்பது என்று நினைக்கிறார்கள், மூன்றாவது மூட்டுக்குத் திரையில் தெரிகிறபடி ‘J3 அச்சு’ என்றால் குழப்பமில்லை. தலைப்புகளில் என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை.

ரோபோவைக் கையில் பிடித்து ஓட்டும் கருவிக்கு டீச் பென்டன்ட் என்ற பெயரே அப்படியே இருக்கிறது. எதிர்பாராதது அதன் பின்பக்க சுவிட்ச்: ‘அழுத்திப் பிடிக்கவும்’ என்று எழுதியிருந்தேன், இறுக்கிப் பிடித்ததும் ரோபோ கை நின்றுவிட்டது, பழுது என்றே நினைத்தார்கள். விட்டாலும் நிற்கும், முழுக்க அழுத்தினாலும் நிற்கும். ‘பாதி அளவு அழுத்திப் பிடிக்கவும்’ என்று மாற்றினேன்.