புதுப்பிப்பு: சிங்கப்பூர்க் கிடங்கில் சரக்குப் பிரிப்பு இயந்திரம்

முன்பு நான் கேட்டது: "இயந்திரம் வரும் தேதி உறுதியாகாமல், வேலை குறைவதை ஆட்களிடம் சொல்லலாமா?"

சொல்லிவிட்டேன். ஜூனில் சோதனை ஓட்டம். செப்டம்பர் வரை கைப்பிரிப்பும் கூடவே நடக்கும், அதுவரை யாரையும் மாற்றமாட்டோம். அப்புறம் 14 வேலையிடங்கள் 6 ஆகும். சோதனை தள்ளிப்போனால் இதுவும் தள்ளும், முன்னால் வராது. எட்டுப் பேரில் ஐவருக்குச் சரக்குக் கணக்கில் இடம் உண்டு. மூவருக்கு இல்லை; அதையும் மறைக்கவில்லை.

"நாற்பது வயதானால் 4,000 வெள்ளி கையில் வருமே" என்றார் ஓர் அக்கா. தொழிற்சங்க அண்ணன் திருத்தினார்: "அது அரசின் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சிக் கணக்கில் வரும்மா, குறிப்பிட்ட படிப்புகளுக்கு மட்டும். வேலையை விட்டு முழுநேரமாகப் படித்தால் உதவித்தொகை தனி: சராசரி வருமானத்தில் பாதி, மாதம் 3,000 வெள்ளிக்கு மிகாமல்."

"நான் வொர்க் பெர்மிட், எனக்கு?" என்றார் மன்னார்குடித் தம்பி. இவை சிங்கப்பூரர்களுக்கு மட்டும். அவர் பயிற்சிச் செலவை நிறுவனமே ஏற்கக் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை.