காவலாளியின் அரைமணி: கதையில் வரும் கணினிப் பிழை நம்பத்தக்கதா?

கொட்டாஞ்சேனை வாசகன்:
2006ஆம் ஆண்டு கிராண்ட்பாஸ் களஞ்சியசாலை ஒன்றில் நடப்பதாக ஒரு சிறுகதை எழுதியிருக்கிறேன். இரவு பத்து மணியிலிருந்து மணிக்கொரு சுற்று தவறாமல் வரும் வயோதிபக் காவலாளியை, ஏப்ரல் புத்தாண்டு விடுமுறைக்குப் பின், புதிய கணினி ரோஸ்டர் ஞாயிறு இரவுகளில் மட்டும் எட்டுச் சுற்றுக்கும் ‘தாமதம்’ என்று பதிகிறது. மூன்றாம் ஞாயிறோடு இரவுக் கடமையிலிருந்தும் தானாகவே நீக்கிவிடுகிறது. கணினியின் கடிகாரமே பிழை, குற்றவாளி ரோஸ்டர்தான் என்பதுதான் முடிவு. நம்பும்படியாக இருக்கிறதா?

மருதானைத் தம்பி:
எனக்கு நம்பிக்கை வரவில்லை. 2006 ஏப்ரல் 15ஆம் திகதி அதிகாலை பன்னிரண்டரை மணியைப் பன்னிரண்டாக்கி நாட்டின் நேரத்தை அரைமணி பின்தள்ளினார்கள் என்பதும், பல கணினிகள் பழைய நேரத்திலேயே நின்றன என்பதும் சரி. ஆனால் அப்படி நின்ற கணினி எல்லா இரவிலும் அரைமணி முந்தித்தானே காட்டும்? ஞாயிறு மட்டும் பிழைப்பது கதைக்காகச் செய்த வசதி. திரையின் மூலையில் மணி தெரியும்போது லிகிதர் கவனிக்காமலா இருப்பார்?

பழைய கணினிக்காரர்:
தம்பி, லிகிதர் கவனித்ததால்தான் ஞாயிறு மட்டும் பிழைக்கிறது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத் திரையின் மணியை அவர் அரைமணி பின்னுக்கு வைத்திருப்பார்; நேர வலயத்தைத் தொட்டிருக்க மாட்டார். வலயம் இன்னும் கிரீன்விச்சுக்கு ஆறு மணி முந்தியதாகவே இருக்கும், வேண்டியதோ ஐந்தரை. மணி சரியாகத் தெரிந்தாலும், உள்ளே கணினி நம்பியிருக்கும் உலக நேரம் இப்போது அரைமணி பிந்திவிட்டது. அக்காலத்து விண்டோஸ் எக்ஸ்பி, இணையத்தில் இருந்தால், ஏழு நாளைக்கு ஒரு தடவை நேரத்தைத் தானே சரிபார்க்கும். அது ஞாயிறு மாலையில் விழுந்தால், உலக நேரம் திருத்தப்பட்டு, திரையின் மணி அரைமணி முன்னே பாயும். அன்றிரவு பத்து மணிச் சுற்று பத்தரை என்று பதிவாகும். திங்கள் காலை லிகிதர் வந்து, முணுமுணுத்துக்கொண்டே திரும்பவும் பின்னுக்கு வைப்பார். எங்கள் அலுவலகத்திலேயே இந்தக் கூத்து நடந்தது. வலயத்தை மாற்றியபின்தான் நின்றது.

வெள்ளவத்தை வாணி:
1996இல் ஒரே ஆண்டுக்குள் இரண்டு தடவை நேரம் மாற்றினார்கள். வன்னியில் அந்த மாற்றத்தை ஏற்கவில்லை, அங்கிருந்து வரும் உறவினர்களிடம் “பழைய நேரமா, புதிய நேரமா?” என்று கேட்டுத்தான் எதையும் ஒழுங்கு செய்வோம். அப்படிக் கேட்டும் என் சித்தப்பாவின் பஸ்ஸைத் தவறவிட்டோம். காவலாளியும் பழைய நேரத்தில் சுற்றியிருக்கலாமே?

பழைய கணினிக்காரர்:
இல்லை அம்மா, பழைய நேரத்தில் நின்றது காவலாளியல்ல, இயந்திரம்.

மருதானைத் தம்பி:
ஞாயிறு விடயத்தை ஏற்கிறேன். அப்படியென்றால் பிழை கடிகாரத்துடையது. ரோஸ்டர் தனக்குக் கொடுத்த நேரத்தை எழுதியது, அவ்வளவுதான். முடிவில் அதைக் குற்றவாளி ஆக்குவது நியாயமில்லை.

பழைய கணினிக்காரர்:
பத்தரை, பதினொன்றரை, பன்னிரண்டரை என்று எட்டுச் சுற்றும் அச்சொட்டாக முப்பது நிமிடம் பிந்துகின்றன. தூங்கிப்போனவன் ஒரு சுற்றில் ஏழு நிமிடமும் அடுத்ததில் ஐம்பது நிமிடமும் பிந்துவான். எட்டுத் தடவையும் ஒரே அளவில் எவனும் பிந்துவதில்லை. அந்தப் பட்டியலை ஒரு மேற்பார்வையாளர் கண்ணால் பார்த்திருந்தால் முதலில் கடிகாரத்தைத்தான் சந்தேகித்திருப்பார். ரோஸ்டரோ அதை எட்டுத் தனித்தனித் தவறுகளாக எண்ணி, ஒருவரிடமும் கேளாமல் ஆளை நீக்கியது. என் கணக்கில் பிழை அங்கேதான் இருக்கிறது. நேரம் தவறுகிற ஒரு காவலாளி அங்கே இருந்திருந்தால் அவருடைய ஏற்ற இறக்கத்துக்குள் இந்த அரைமணி மறைந்தே போயிருக்கும்.

முன்னாள் பாதுகாப்பு அலுவலர்:
நீங்கள் எல்லோரும் புகழும் அந்த ஒழுங்கைத்தான் நாங்கள் பயிற்சியில் முதலில் உடைப்போம். மணியடித்தாற்போல் வருகிற காவலாளி பதினொன்று பத்துக்குப் பின்கதவில் இருக்க மாட்டார் என்பதைத் திருடன் ஒரு கிழமையில் படித்துவிடுவான். நேரம் மாற்றி மாற்றிச் சுற்ற வேண்டும். கதை அவரைத் தெய்வமாக்குவது எனக்கு உறுத்துகிறது.

கொட்டாஞ்சேனை வாசகன்:
அந்த உறுத்தல் நியாயமானதுதான், ஐயா. கதையில் அதற்குப் பதில் இல்லை, வைக்கவும் போவதில்லை. ஞாயிறுக்கான காரணத்தை லிகிதரின் வாயில் இரண்டு வரியில் வைக்கிறேன். ஆனால் தடயம் ஒன்று ஏற்கனவே இருக்கிறது. சுற்றைக் கணினிக்குப் பதியும் புதிய கைக்கோலால் சுவரிலிருக்கும் குமிழைத் தொட்டபின்னும், தோல்வாரில் தொங்கும் பழைய காவற் கடிகாரத்தில், சங்கிலியில் கட்டிய சாவியை அவர் பழக்கத்தில் திருகிக்கொண்டே இருக்கிறார். உள்ளே வட்டக் கடதாசியில் ஒவ்வொரு மணிக்கும் நேரே ஒரு குத்து விழுகிறது. நீக்கற் கடிதம் வந்த நாளில் அந்தக் கடதாசியை முகாமையாளரின் மேசையில் விரித்து வைக்கிறார்.

மருதானைத் தம்பி:
அந்தக் கடிகாரத்துக்கு சாவி கொடுத்து மணி வைத்தது யார்? அவரே என்றால் முகாமையாளர் ஏன் நம்ப வேண்டும்?