வளைகாப்புக்குப் போக முடியவில்லை, என்ன எழுதி அனுப்புவது?

நங்கநல்லூர்க்காரி (காலை 6:40): இன்று 10 மணிக்கு மாம்பலத்தில் தோழிக்கு வளைகாப்பு. எனக்குக் கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு கட்டி இருக்கிறது. ராத்திரியிலிருந்து உதிரப்போக்கு அதிகம், நின்றால் தலை சுற்றுகிறது. வளையல் மொத்தமும் என் வீட்டில். பொய் சொல்லவும் மனசில்லை, விஷயம் ஊருக்குத் தெரியவும் வேண்டாம். வாட்ஸ்அப்பில் என்ன எழுதலாம்?

மயிலை மாமா: காய்ச்சல் என்று போடும்மா. அதை யாரும் நோண்ட மாட்டார்கள்.

ரிட்டையர்டு நர்ஸ்: மாமா, மழைக்காலத்தில் சென்னையில் காய்ச்சலைத்தான் அதிகம் நோண்டுவார்கள். எத்தனை நாளாக, டெங்குவா, டெஸ்ட் எடுத்தாயா என்று பத்து கேள்வி வரும். அதைவிட, அங்கே மணையில் உட்காரப் போவது கர்ப்பிணி. வளையல் வாங்க இவரோடு கடைக்குப் போயிருந்தால், நமக்கும் தொற்றியிருக்குமோ என்று அந்தப் பெண் பயப்படுவாள். நோயின் பெயர் அவளுக்குத் தேவையில்லை. தொற்றுமா தொற்றாதா என்பது மட்டும் தேவை.

நங்கநல்லூர்க்காரி, முதலில் உங்கள் உடம்பு. மணிக்கு ஒரு நாப்கின் என்று இரண்டு மூன்று மணி நேரம் தொடர்ந்து நனைந்தால், மெசேஜை வீட்டில் யாராவது அனுப்பட்டும், நீங்கள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். தலை சுற்றலை விட்டுவைக்காதீர்கள்.

ஓஎம்ஆர் தம்பி: மேனேஜருக்கு "உடம்பு சரியில்லை, லீவ்" போதும். டாக்டர் சர்டிபிகேட்டை அப்புறம் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

ரிட்டையர்டு நர்ஸ்: தம்பி, இது வளைகாப்பு.

வேளச்சேரி அம்மா: "உடம்பு சரியில்லை" என்ற அந்த இரண்டு வார்த்தையால் நான் பட்டது போதும். போன வருஷம் நாத்தனார் வீட்டு விசேஷத்துக்கு முந்தின நாள் எனக்கு அம்மை போட்டது. சொல்லக் கூச்சப்பட்டு அப்படியே எழுதிவிட்டேன். ஆனால் அதற்கு முந்தின நாள்தான் நாத்தனாரோடு ஒரே ஆட்டோவில் டி.நகர் போய் வந்திருந்தேன். அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். மூன்று நாள் கழித்து என் பையன் வாய்தவறிச் சொல்ல, அவள் டாக்டரிடம் ஓடினாள். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி இருந்தது, தப்பித்தோம்.

மயிலை மாமா: கொப்புளம் வருவதற்கு முன்னாடியே எப்படி ஒட்டும்?

ரிட்டையர்டு நர்ஸ்: ஒட்டும் மாமா. சின்னம்மை கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னாலேயே பரவத் தொடங்கிவிடும், எல்லாம் பொருக்கு தட்டும் வரை பரவும். எதிர்ப்புச் சக்தி இல்லாத கர்ப்பிணிக்குப் பத்து நாளுக்குள் ஊசி போடலாம், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அந்த அம்மா மறைத்த மூன்று நாளும் அதிலிருந்துதான் கழிகிறது. அம்மை என்றால் அன்றைக்கே, பெயரோடு, நேரில் பார்த்தவர்களிடம் சொல்லிவிட வேண்டும். நங்கநல்லூர்க்காரியின் கதை நேர் எதிர். அவருடையது யாருக்கும் பரவாது.

நான் என்றால் இப்படி எழுதுவேன்: "இன்னிக்கு வர முடியலைடி, ரொம்ப முடியாம படுத்திருக்கேன். தொத்துற விஷயம் இல்லை, நீ பயப்படாதே. வளையல் 9 மணிக்குள்ள தம்பி கையில வந்துடும். சாயந்திரம் நானே கூப்பிடுறேன்." கடைசி வரி முக்கியம். நீங்கள் கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டால் மண்டபத்திலிருந்து போன் வருவது குறையும். இதைத் தோழிக்குத் தனியாக அனுப்புங்கள், குரூப்பில் போடாதீர்கள்.

அடையாறு ஆலமரம்: ஒப்புக்கொள்ள மாட்டேன். உயிர்த்தோழிக்கு எதற்கு இந்த மூடுமந்திரம்? ஃபைப்ராய்டு என்றே சொல்லலாமே. இப்படி மறைத்து மறைத்துத்தான் பெண்கள் ரத்தசோகையோடு கிடக்கிறார்கள். "முடியலை" என்று கல்யாணமான பெண் எழுதினால் மண்டபத்தில் பாதிப் பேர் வீட்டுக்குத் தூரம் என்பார்கள், மீதிப் பேர் விசேஷமா என்பார்கள். இரண்டுக்கும் உண்மையே மேல்.

ரிட்டையர்டு நர்ஸ்: தோழியிடம் சொல்லலாம், நாளைக்கு. இன்றைக்கு அவள் போன் அவள் கையிலா இருக்கும்? சித்தி பெண்தான் போட்டோ எடுத்துக்கொண்டிருப்பாள்.

அடையாறு ஆலமரம்: அது சரி. ஆனால் "நாளைக்கு" என்று தள்ளினால் அந்த நாளைக்கு வரவே வராது, பார்த்திருக்கிறேன்.

நங்கநல்லூர்க்காரி (மதியம் 2:15): நர்ஸ் அக்கா சொன்னதைக் கொஞ்சம் மாற்றி அனுப்பினேன். தம்பி 8:50க்கு வளையலைக் கொடுத்துவிட்டான். டாக்டர் மருந்து கொடுத்திருக்கிறார், ஹீமோகுளோபின் பார்க்க ரத்தமும் எடுத்தாயிற்று. தோழியிடமிருந்து ஒரு இதயம் வந்தது, அவ்வளவுதான். அவள் அம்மா மட்டும் தம்பியிடம் "உங்க அக்காவுக்கு விசேஷமாடா?" என்று கேட்டாராம். அவன் சிரித்துவிட்டு வந்திருக்கிறான், மடையன்.

அடையாறு ஆலமரம்: நான் சொன்னேனே!