யூஸ்ட் டு, வுட் இரண்டையும் தமிழில் எப்படிக் கொண்டுவருவது? அவசரம்

கயல்
வணக்கம். ஒரு நினைவுக் குறிப்பை ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கிறேன். யூஸ்ட் டு, வுட் வரும் இடங்களையெல்லாம் இறந்தகாலத்தில் எழுதிக் கொடுத்தேன். 'எல்லாமே ஒரே நாளில் நடந்த மாதிரி இருக்கிறது' என்று எடிட்டர் திருப்பி அனுப்பிவிட்டார். எப்படி மாற்றுவது? நாளைக் காலைக்குள் வேண்டும்.

வைகைக்கரை
யூஸ்ட் டு என்றால் பழகிவிட்டது என்று அர்த்தம். 'ஐயாம் யூஸ்ட் டு தி ஹீட்' என்றால் வெயில் எனக்குப் பழகிப்போச்சு. எல்லா இடத்திலும் 'பழகியிருந்தாள்' என்று போட்டுப் பாருங்கள்.

நீலா
வைகைக்கரை, அது வேறு. முன்னால் ஆம், இஸ், வாஸ் என்று ஏதாவது வந்தால்தான் பழக்கமாகிவிட்டது என்ற பொருள். கயல் கேட்பது முன்பு வாடிக்கையாகச் செய்ததைச் சொல்லும் யூஸ்ட் டு. கயல், மூலத்தையும் உங்கள் தமிழையும் போடுங்கள். வுட் பத்து வேலை செய்யும் சொல், பார்க்காமல் சொல்ல முடியாது.

அல்லி
இதற்கு ஒரே வழி 'வழக்கம்'தான். நடப்பது வழக்கம், பாடுவது வழக்கம். நான் பல வருடமாக இப்படித்தான் செய்கிறேன், யாரும் குறை சொன்னதில்லை.

தமிழாசான்
மூலத்தைக்கூடப் போடாமல் கேட்டால் எப்படி? இந்தக் கேள்வி இங்கே ஏற்கெனவே பலமுறை வந்துவிட்டது. காலங்கள் மூன்று என்று ஆறாம் வகுப்பில் படித்தது மறந்துவிட்டதா? நடந்து முடிந்ததை இறந்தகாலத்தில்தான் சொல்ல வேண்டும். கூடவே 'தினமும்' என்று சேர்த்தால் வாடிக்கை என்று புரிந்துவிடும். எடிட்டர் சொல்வது தவறு.

கயல்
மன்னிக்கவும், போனில் தமிழ்க் கீபோர்டு மட்டும்தான் இருக்கிறது. மூலம் இது:

மை கிராண்ட்மதர் யூஸ்ட் டு லிவ் பை தி ரயில்வே கிராசிங். எவ்ரி ஈவ்னிங் ஷீ வுட் டேக் எ லேன்டர்ன் அண்ட் வாக் டு தி கேட். ஷீ வுட் நாட் ஸ்பீக் டு எனிஒன். ஒன் ஈவ்னிங் தி ட்ரெய்ன் டிட் நாட் கம்.

என்னுடையது:

என் பாட்டி ரயில்வே கிராசிங் அருகே வசித்தாள். ஒவ்வொரு மாலையும் விளக்கை எடுத்துக்கொண்டு கேட் வரை நடந்தாள். யாரிடமும் பேசவில்லை. ஒரு மாலை ரயில் வரவில்லை.

நீலா
இப்போது தெரிகிறது. உங்கள் எடிட்டர் சொன்னது சரி. 'ஒவ்வொரு மாலையும் நடந்தாள்' கூடத் தப்பித்துவிடும், முன்னாலேயே 'ஒவ்வொரு' இருக்கிறது. கெடுப்பது 'பேசவில்லை'தான். படிப்பவருக்கு அது ஏதோ ஒரு நாள் கோபத்தில் பேசாமல் இருந்த மாதிரி கேட்கிறது. அடுத்த வரியிலேயே 'வரவில்லை' வேறு. பல வருடப் பழக்கத்துக்கும் ஒரே ஒரு சாயங்காலச் சம்பவத்துக்கும் ஒரே வினை வடிவம் வந்துவிட்டதால், ரயில் வராத அந்த நாள் கதையில் எழும்பவே இல்லை.

நான் எழுதினால் இப்படி:

அந்த நாட்களில் பாட்டி ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்தாள். சாயங்காலமானால் லாந்தரை எடுத்துக்கொண்டு கேட் வரை நடப்பாள். யாரிடமும் பேசமாட்டாள். ஒரு நாள் சாயங்காலம் ரயில் வரவில்லை.

முதல் வாக்கியத்தில் இருப்பது ஒரு நிலை. குடியிருப்பது தினம் ஒருமுறை செய்கிற காரியம் இல்லை. அதனால் இறந்தகாலம் போதும். ஆனால் யூஸ்ட் டு என்பதில் 'இப்போது அப்படி இல்லை' என்பதும் ஒளிந்திருக்கிறது. அதற்காகத்தான் 'அந்த நாட்களில்'. ஆங்கிலத்திலும் இங்கே வுட் போட முடியாது, கவனித்தீர்களா? யூஸ்ட் டு வந்து காலத்தைத் திறந்து வைக்கும், அப்புறம் வரும் வுட் எல்லாம் அந்தக் காலத்துக்குள் ஓடும். தமிழில் 'அந்த நாட்களில்' திறக்கிறது, நடப்பாள், பேசமாட்டாள் எல்லாம் அதற்குள் ஓடுகின்றன. அந்தத் தொடக்கத்தை எடுத்துவிட்டு 'பாட்டி சாயங்காலம் கேட் வரை நடப்பாள்' என்று மட்டும் எழுதினால், பாட்டி இன்றும் நடக்கிறாள் என்றுதான் படிப்பார்கள்.

தமிழாசான்
நடப்பாள் என்பது எதிர்காலம். இறந்துபோன பாட்டிக்கு எதிர்காலமா? ஆங்கில வுட்டைப் பார்த்து வந்த பழக்கம் இது. நல்ல தமிழில் இது கிடையாது.

நீலா
ஐயா, ஆங்கிலம் படிக்காத என் அம்மாச்சி கதை சொன்னபோதும் 'உங்க தாத்தா விடியறதுக்கு முன்னாடியே வயலுக்குப் போயிருவாரு, பத்து மணிக்குத்தான் வருவாரு' என்றுதான் சொன்னார். அந்த வடிவத்துக்கு எதிர்காலம் என்று பெயர் வைத்திருக்கிறோமே தவிர, அது எப்போதும் நடப்பதையும் சொல்லும். 'மலை நிற்கும்' என்று இலக்கண உரைகளில் வருகிறதே, மலை நாளைக்கு நிற்கப்போகிறது என்றா பொருள்?

தமிழாசான்
மலை நிற்கும் என்பது முக்காலத்துக்கும் பொதுவான உண்மை. பாட்டி நடந்து முடித்தது அப்படியா? இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

யாழ்நிலவன்
எங்கட பக்கம் இந்தக் குழப்பமே வராது. 'அவ ஒவ்வொரு நாளும் பின்னேரம் கேற்றடிக்குப் போறவ' என்று சொன்னால் முந்திப் போய் வந்தவ என்று எல்லாருக்கும் விளங்கும். 'நான் சின்னனில அங்க போறனான்' என்றால் அதுதான் யூஸ்ட் டு. நடப்பாள் என்று எழுத வேண்டிய தேவையே இல்லை.

அல்லி
கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் சென்னையில் படிப்பவர் 'போறவ' என்றால் போகிறவள் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

யாழ்நிலவன்
சென்னைக்காரருக்கு விளங்காட்டில் அது எழுத்துத் தமிழ் இல்லையா? எங்கட ஆட்கள் மதுரைப் பேச்சில் வந்த கதைகளைப் படித்து விளங்கிக்கொள்ளேல்லையா?

நீலா
யாழ்நிலவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. உரையாடலில் தாராளமாக வரலாம். கதைசொல்லியின் குரலிலும் வரலாமா என்பது யாருக்காக அச்சிடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. அதை இங்கே முடிவுசெய்ய முடியாது.

அல்லிக்கு ஒன்று. 'வழக்கம்' தவறில்லை, ஆனால் ஒரு பத்திக்கு ஒன்றுதான் தாங்கும். எடுப்பது வழக்கம், நடப்பது வழக்கம், பேசாமலிருப்பது வழக்கம் என்று அடுக்கினால் பாட்டி மறைந்து அலுவலகக் குறிப்பாகிவிடும். 'நடப்பதுண்டு' என்றால் எப்போதாவது நடந்தாள் என்ற சாயல் வந்துவிடும். இங்கே தினமும் நடக்கிறாள். 'போய்வந்தாள்' என்றால் ஒருமுறை போய்த் திரும்பியதாகவும் படிக்கலாம்.

அல்லி
பத்திக்கு ஒன்று என்பது சரி. நானும் என் பழைய மொழிபெயர்ப்பை எடுத்துப் பார்க்கிறேன்.

தேர்வர்24
நடுவில் கேட்கிறேன். 'ஐ யூஸ்ட் டு லிவ் இன் சேலம் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்று எழுதினேன், கோச்சிங்கில் தப்பு என்று அடித்துவிட்டார்கள். சேலத்தில் நான் இப்போது இல்லையே, அப்புறம் ஏன் தப்பு?

நீலா
ஐந்து வருடம் என்று அளந்து சொல்லிவிட்டீர்கள். எத்தனை வருடம், எத்தனை தடவை என்று எண்ணிக்கை வந்தால் சாதாரண இறந்தகாலம்தான்: லிவ்ட். தமிழிலும் இதே சோதனை நன்றாக வேலை செய்யும். 'அப்போதெல்லாம் மூன்று தடவை ஊட்டிக்குப் போவேன்' என்றால் வருடத்துக்கா மாதத்துக்கா என்று கேட்பார்கள். மொத்தமே மூன்று தடவை என்றால் 'போனேன்' என்றுதான் வாயில் வரும். கயல், உங்கள் பிரதியிலும் எண்ணிக்கை வரும் இடங்களைத் தொடாதீர்கள், அவை இறந்தகாலத்திலேயே இருக்கட்டும்.

இன்னொன்று. வுட் வந்தாலே நடப்பாள், பேசுவாள் என்று மாற்றிவிடாதீர்கள். 'ஷீ செட் ஷீ வுட் கம்' என்பது வாடிக்கை இல்லை, 'வருவதாகச் சொன்னாள்'. அந்த வுட்டுக்குப் பதில் யூஸ்ட் டு போட்டுப் பாருங்கள். பொருள் கெட்டுப்போனால் அது வேறு வுட்.

வைகைக்கரை
அப்போ 'ஷீ வுட் நாட் ஸ்பீக்' என்பது பேச மறுத்தாள் என்றும் இருக்கலாமே?

நீலா
இருக்கலாம். நல்ல கேள்வி. 'எவ்ரி ஈவ்னிங்' முன்னால் இருப்பதால் வாடிக்கை என்று எடுத்தேன். 'பேசமாட்டாள்' என்பதில் பிடிவாதமும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருப்பதால் இரண்டுக்கும் இடம் கிடைக்கிறது. ஒரு நாள் மட்டும் மறுத்தாள் என்றால் 'பேசமாட்டேன் என்றுவிட்டாள்' என்று எழுதியிருப்பேன்.

தமிழாசான்
நடப்பாளை நான் இன்னும் ஏற்கவில்லை. ஆனால் 'பேசவில்லை' அந்த இடத்தில் தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கயல்
மிக்க நன்றி. மாற்றி அனுப்பிவிட்டேன், எடிட்டர் எடுத்துக்கொண்டார். 'ஒரு நாள் சாயங்காலம்' என்பதற்கு முன்னால் பத்தி பிரித்திருக்கிறார். பாட்டி பேசும் இன்னொரு அத்தியாயம் வருகிறது, அதற்கு மறுபடி வருகிறேன்.